பூனையின் கருப்பையில் சீழ்: இன்று இரவே ஆபரேஷனா, விடியட்டுமா, மருந்து போதுமா?

கருத்தடை செய்யாத பெண் பூனை ஒன்று மூன்று வாரம் முன்பு ஹீட்டில் கத்தி ஓய்ந்தது. இரண்டு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது, வாலுக்கடியில் ஓயாமல் நக்குகிறது. பக்கத்து ஊர் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ‘கருப்பையில் சீழ், பயோமெட்ரா’ என்கிறார். மணி மாலை ஆறு. தமிழக-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறையிலோ மீனாட்சிபுரத்திலோ இருப்பவருக்கு இந்த நேரத்தில் பாதைகள் பல திசையில் பிரிகின்றன. உள்ளூர் மிருகாஸ்பத்திரி டாக்டர் வந்து செய்வாரா? பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதா? பாலக்காடு தாண்டி மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போவதா? கோயம்புத்தூரில் தனியார் கிளினிக்கா? அல்லது ஆபரேஷனே வேண்டாம், ஊசி மருந்தில் சரிசெய்யலாம் என்று யாரோ போனில் சொன்னதைக் கேட்பதா?

ஊர் எது என்பதைவிட, பூனை எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். ஒரே நோய்க்கு மூன்று வழிகள் இருப்பதும், ஒரு பூனைக்குச் சரியான வழி இன்னொரு பூனையைக் கொல்வதும் ஏன் என்று புரிந்துகொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சீழ் எப்படிச் சேர்கிறது

ஹீட்டில் இருக்கும்போது கருப்பையின் வாய் திறந்திருக்கும். குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகள் அப்போது மேலேறுகின்றன. ஹீட் முடிந்ததும் அவற்றைக் கருப்பை தானே வெளியேற்றிவிடும். முட்டை வெளிப்பட்டுவிட்டால் கதை மாறுகிறது. சினைப்பை புரோஜெஸ்டெரான் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது. குட்டிக்குக் கருப்பையைத் தயார் செய்வதுதான் அதன் வேலை. அதனால் கருப்பையின் உட்சுவர் தடித்து நீர் சுரக்கிறது, தசை சுருங்காமல் அடங்கிக் கிடக்கிறது, வாய் மூடிக்கொள்கிறது, அங்கே காவல் காக்கும் வெள்ளை அணுக்களின் வீரியமும் குறைகிறது. குட்டி வளரத் தோதான அந்த இடம் கிருமிக்கும் தோதாகிவிடுகிறது.

பூனைக்கு இணை சேர்ந்தால்தான் முட்டை வெளிப்படும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் கடுவனையே பார்க்காத வீட்டுப் பூனைக்கும் சில நேரம் தானாகவே வெளிப்படுகிறது. முதுகையும் வால் அடியையும் தடவுவதுகூட அதைத் தூண்டலாம். அதனால் ‘எங்கள் பூனை வெளியே போனதே இல்லை’ என்பது இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்றல்ல. முட்டை வெளிப்பட்டு கர்ப்பமும் தங்காவிட்டால் சுமார் 40 நாள் புரோஜெஸ்டெரான் ஓங்கியிருக்கும். சீழ் சேர்வது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான், அதாவது ஹீட் ஓய்ந்து ஒரு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள்.

கத்தலை நிறுத்தப் போடும் ஹார்மோன் ஊசியும், மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்கும் கருத்தடை மாத்திரையும் இதே வேலையைச் செயற்கையாகச் செய்கின்றன. அவற்றிலும் புரோஜெஸ்டெரான் வகை மருந்துதான் இருக்கிறது. அந்த ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். உடம்பில் மாதக்கணக்கில் தங்கும் மருந்து அது, கீழே வரும் மருந்து வழியின் பலனை அது கெடுத்துவிடும்.

நாய்க்குத் தெரிவதுபோல் பூனைக்குத் தெரியாது

கருப்பை வாய் சற்றே திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும். மூடிவிட்டால் உள்ளேயே தேங்கும். நாய்க்குச் சீழ் வடிந்தால் தரையெல்லாம் தெரியும். பூனை நக்கியே துடைத்துவிடும். படுக்கும் இடத்தில் பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்துவையுங்கள். காலையில் மஞ்சள், பச்சை கலந்த, அல்லது சாக்லேட் நிறக் கறை இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. வாலைத் தூக்கிப் பார்த்தால் தொடையின் உள்பக்க மயிர் ஈரமாக ஒட்டியிருக்கும், வாடையும் இருக்கும். நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும் என்று படித்திருப்பீர்கள். பூனையில் அந்த அறிகுறி அவ்வளவு நம்பகமானதல்ல. சாப்பாடு குறைவது, ஒடுங்கிப் படுப்பது, எடை இறங்குவது, எப்போதாவது வாந்தி, இவைதான் அதிகம் வருபவை.

வடியாத வகைதான் ஆபத்து அதிகம். வயிறு இரண்டு பக்கமும் உப்பி, கர்ப்பம் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். கர்ப்பமான பூனை நன்றாகச் சாப்பிடும், முதுகெலும்பு துருத்தாது. இங்கே வயிறு பெருத்து முதுகு மெலிந்திருக்கும். சந்தேகத்தில் வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள். சீழ் நிறைந்த கருப்பைச் சுவர் மெலிந்துபோயிருக்கும், கிழிந்தால் வயிறு முழுக்கச் சீழ் பரவும். கர்ப்பமா சீழா என்பதை ஸ்கேன் சில நிமிடத்தில் சொல்லிவிடும். கர்ப்பமாகி நான்கு வாரமானால் குட்டியின் இதயத் துடிப்பு திரையில் தெரியும். எக்ஸ்ரேயில் குட்டியின் எலும்பு தெரிய 40 நாளுக்கு மேல் ஆகும், அதனால் மூன்று நான்கு வாரப் பூனைக்கு எக்ஸ்ரே மட்டும் எடுத்து முடிவு செய்ய முடியாது.

காய்ச்சலைப் பற்றி ஒன்று. வீட்டுத் தெர்மாமீட்டரை வாசலின் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பூனைக்கு 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. 103.5ஐத் தாண்டினால் காய்ச்சல். ஆனால் பயப்பட வேண்டிய எண் அதுவல்ல, 100க்குக் கீழே இறங்குவதுதான். கிருமி இரத்தத்தில் பரவிய பூனைக்கு உடல் குளிர்ந்து, நாடி மெதுவாகி, ஈறு வெளுக்கும். நாய்க்கும் மனிதருக்கும் இதயம் படபடவென்று அடிக்கும் அதே நிலையில் பூனைக்கு நிமிடத்துக்கு 140க்கும் கீழே போகும். நேற்று 104 இருந்து இன்று 99 ஆனால் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. அது நிலைமை முற்றியதற்கான அடையாளம்.

காய்ச்சலுக்கு வீட்டில் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. மனிதர் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். இந்த நோயைவிட அது வேகமாகக் கொல்லும்.

முதல் வழி: ஆபரேஷன்

சினைப்பை இரண்டையும் கருப்பையையும் சேர்த்து எடுத்துவிடுவது. சீழும் போகிறது, அதை வளர்க்கும் ஹார்மோனின் ஊற்றும் போகிறது, திரும்ப வர இடமில்லை. மற்ற வழிகள் எல்லாம் இதோடு ஒப்பிட்டே அளக்கப்படுகின்றன. ஸ்வீடனில் செல்லப்பிராணிக் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், இந்த நோய் வந்த பூனைகளில் 100க்குச் சுமார் 6 இறந்திருந்தன. வசதியான மருத்துவம் கிடைக்கும் நாட்டின் கணக்கு அது. கருப்பை கிழிந்த பிறகு வரும் பூனைக்கு இந்த எண் பொருந்தாது.

இது சாதாரணக் கருத்தடை ஆபரேஷன் அல்ல என்பதைக் குடும்பம் புரிந்துகொள்ள வேண்டும். பூனையின் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கும். ஆரோக்கியமான பூனையில் ஒரு கொம்பு நூல்கயிறு தடிமன்தான் இருக்கும், விலாப்பக்கம் சின்னதாகக் கீறி வெளியே இழுத்துவிடலாம். சீழ் நிறைந்த கொம்பு விரல் தடிமனுக்கும் மேலே போகும். சின்னக் கீறல் வழியே இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் வயிற்றின் நடுக்கோட்டில் நீளமாகத் திறக்க வேண்டும், கருப்பையைப் பிதுக்காமல் இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுக்க வேண்டும், சுற்றிலும் ஈரமான துணிப் பட்டைகளை அடுக்கி ஒரு சொட்டும் உள்ளே சிந்தாமல் பார்க்க வேண்டும். இரத்தக் குழாய்களும் வீங்கியிருப்பதால் முடிச்சு நழுவாதபடி குத்திக் கட்டுவார்கள். சிந்திவிட்டால் வெதுவெதுப்பான சலைனால் வயிற்றை அலசித்தான் மூட வேண்டும்.

ஆகவே யாரிடம் செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது ‘கருத்தடை செய்வீர்களா?’ என்று கேட்டால் போதாது. மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வாயு மயக்கம் கொடுக்க ஐசோஃப்ளூரேன் இருக்கிறதா, ஆபரேஷன் நேரத்தில் நரம்பில் டிரிப்ஸ் ஓடுமா, பூனையின் உடல் சூட்டைக் காக்க ஏதாவது ஏற்பாடு உண்டா, இரவு யாராவது கூட இருப்பார்களா என்று கேளுங்கள். மாட்டுக்கு அதிகம் பயன்படும் சைலசின் ஊசி பூனை வாந்தி எடுக்கவைக்கும், இதயத்தையும் அழுத்தும். ஆரோக்கியமான பூனை அதைத் தாங்கும். கிருமி இரத்தத்தில் கலந்த பூனைக்கு அதை வைத்து மயக்கம் கொடுப்பது தவிர்க்க வேண்டிய ஒன்று. உள்ளூர் டாக்டரிடம் அது மட்டும்தான் இருக்கிறது என்றால் அவரே பெரும்பாலும் ‘இங்கே வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார். அந்தச் சொல்லை மதியுங்கள், அவர் திறமை குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் வழி: இரவு தேற்றி, காலையில் ஆபரேஷன்

எல்லைப்பகுதியில் நடைமுறையில் அதிகம் நடப்பதும், சரியாகச் செய்தால் நல்லதுமான வழி இது. நீர் வற்றி, இரத்த அழுத்தம் இறங்கிய பூனையை அப்படியே மயக்கினால் மேசையிலேயே போய்விடும். சில மணி நேரம் நரம்பு வழியே திரவமும் ஆன்டிபயாட்டிக்கும் ஏறிய பிறகு அதே பூனை மயக்கத்தைத் தாங்குகிறது. உள்ளூர் டாக்டரால் இந்தப் பாதி வேலையைச் செய்துகொடுக்க முடியும். மீதிப் பாதிக்கு விடிந்ததும் கிளம்பலாம்.

இங்கே பிழை நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, ‘தேற்றுவது’ நாட்கணக்கில் நீள்வது. ஊசி போட்டதும் பூனை தலை தூக்கிப் பார்க்கும், கொஞ்சம் மீன் சாப்பிடும். ‘நல்லாயிடுச்சு போல’ என்று காலைப் பயணம் தள்ளிப்போகும். சீழ்ப்பை உள்ளேயே இருக்கிறது, மருந்து அதன் ஓரத்தைத்தான் தொட்டிருக்கிறது. தேற்றும் நேரம் மணிக்கணக்கில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மாட்டு மருந்தின் அளவு. கிராமத்துப் பக்கம் கிடைக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் 10 சதவீதப் புட்டியில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். பூனைக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விழித்திரை கெட்டுப் பார்வை நிரந்தரமாகப் போகலாம். 3 கிலோ பூனைக்கு 15 மில்லிகிராம், அதாவது அந்தப் புட்டியில் 0.15 மில்லி மட்டும். ‘அரை மில்லி’ என்று கண்ணளவில் இழுத்தால் மூன்று மடங்குக்கும் மேலே. இன்சுலின் சிரிஞ்சில் அளக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. அம்பிசிலின் அல்லது அமாக்சிசிலின் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் வழக்கம்.

தோலுக்கடியில் ஏற்றும் டிரிப்ஸ் லேசாக வாடிய பூனைக்கு உதவும். உடல் குளிர்ந்த பூனைக்கு அது தோலடியிலேயே தேங்கி நிற்கும், இரத்தத்துக்குப் போகாது. அதற்கு நரம்புதான் வழி.

மூன்றாம் வழி: மருந்து மட்டும்

பெர்சியன் போன்ற பூனையை வைத்துக் குட்டி எடுப்பவர்கள் கேட்பது இதைத்தான். வழி உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் வாசல் குறுகியது. இளம் பூனையாக இருக்க வேண்டும், சீழ் வடியும் வகையாக இருக்க வேண்டும், காய்ச்சலோ வாந்தியோ இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், சிறுநீரகப் பரிசோதனை இயல்பாக இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மூடிவிட வேண்டிய வாசல்.

புரோஜெஸ்டெரானின் வேலையைத் தடுக்கும் அக்லெப்ரிஸ்டோன்தான் இதற்கு நல்ல மருந்து. கிலோவுக்கு 10 மில்லிகிராம், தோலடியில், 1, 2, 7ஆம் நாட்களில், தேவைப்பட்டால் 14ஆம் நாளும். 3 கிலோ பூனைக்கு ஒரு தடவைக்கு 1 மில்லி வரும். ஓரிரு நாளில் கருப்பை வாய் திறந்து சீழ் அதிகமாகக் கொட்டும். பார்ப்பவருக்குப் பயமாக இருந்தாலும் மருந்து பிடிக்கிறது என்பதற்கான அடையாளம் அது. சிக்கல் என்னவென்றால் இந்த மருந்து நம் பக்கத்து மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. சொல்லிவைத்து வரவழைக்க நாளாகும் என்றால் அந்த நாட்கள் பூனையிடம் இல்லை.

எளிதில் கிடைப்பது புரோஸ்டாகிளாண்டின் வகை. கருப்பைத் தசையைச் சுருக்கிச் சீழைப் பிழிந்து தள்ளும். ஊசி போட்ட சில நிமிடத்தில் பூனை வாயில் எச்சில் ஒழுக மூச்சிரைக்கும், வாந்தி எடுக்கும், மலம் கழிக்கும், கத்தும். ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். வாய் மூடிய கருப்பையில் இதைப் போட்டால் மூடியை இறுக்கிவிட்டுப் பையை அழுத்துவது மாதிரிதான், கிழிந்துவிடும். மாட்டுக்குப் போடும் குளோப்ரோஸ்டெனால் புட்டியில் ஒரு மில்லிக்கு 250 மைக்ரோகிராம் இருக்கும். மாட்டுக்கு 2 மில்லி. பூனைக்குத் தேவை கிலோவுக்கு ஒற்றை இலக்க மைக்ரோகிராம்தான், அதனால் நீர்த்துக் கலக்காமல் அளக்கவே முடியாது. அந்த ஊசியைக் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடக் கூடாது, தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

குணமானாலும் அடுத்த ஹீட்டில் திரும்ப வர வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த ஹீட்டிலேயே இணை சேர்த்துவிடச் சொல்வார்கள், குட்டி ஆசை தீர்ந்ததும் கருத்தடை செய்யச் சொல்வார்கள். மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் சோர்வு கூடினாலோ சாப்பாடு நின்றாலோ அன்றே ஆபரேஷனுக்கு மாற வேண்டும். இந்த ஒப்பந்தத்தை முதல் ஊசிக்கு முன்பே டாக்டரோடு பேசிவிடுங்கள்.

நான்காவதாக ஒன்று எல்லா ஊரிலும் நடக்கிறது. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும். புரோஜெஸ்டெரான் அப்படியே இருக்கிறது, சீழ் வடிய வழியில்லை. கறை குறைந்து மாத்திரை நின்றதும் திரும்ப வரும், முன்பைவிட மெலிந்த பூனையில். இதை ஒரு வழியாகவே எண்ண வேண்டாம்.

ஒரு பூனையை வைத்து முடிவெடுத்துப் பார்ப்போம்

தொடக்கத்தில் சொன்ன பூனைக்கே எண்களைக் கொடுப்போம். நான்கு வயது, 3 கிலோ. காய்ச்சல் 103.8. நாடி 200, இது மேசையில் பயந்து நிற்கும் பூனைக்கு இயல்பு. ஈறு இளஞ்சிவப்பு, ஆனால் விரலில் ஒட்டுகிறது. தோளருகே தோலைத் தூக்கிவிட்டால் மெதுவாகத் திரும்புகிறது. இரண்டும் நீர் வற்றியதன் அடையாளம். ஸ்கேனில் இரண்டு கொம்பும் கலங்கிய திரவம் நிறைந்து தெரிகின்றன, கருப்பைக்கு வெளியே வயிற்றுக்குள் திரவம் இல்லை. வெள்ளை அணு 38,000. பூனைக்கு 20,000 வரை இயல்பு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதல். லேசாகக் கறை தெரிகிறது.

மருந்து வழி இங்கே அடைபட்டது. காய்ச்சல், சாப்பாடின்மை, சிறுநீரகக் கணக்கு மூன்றும் எதிராக நிற்கின்றன. கறை தெரிவதால் சீழுக்குக் கொஞ்சம் வடிகால் உண்டு, கருப்பை கிழியவில்லை, பூனை குளிரவில்லை. அதனால் இரவு தேற்றிக் காலையில் முதல் ஆளாக ஆபரேஷன் என்பது நியாயமான முடிவு. முன்னங்காலில் நரம்பூசி போட்டு, கிலோவுக்கு 10 மில்லி வீதம் 30 மில்லி ரிங்கர் லாக்டேட்டை 15–20 நிமிடத்தில் கொடுத்து, நாடியும் ஈறும் எப்படி என்று பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு 30 மில்லி. பூனைக்கு நாயைப்போல் வேகமாக ஊற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டுகிறதா என்று வீட்டாரே எண்ணிப் பார்க்கலாம். பிறகு மெதுவான டிரிப்ஸ், முதல் தவணை ஆன்டிபயாட்டிக், வலிக்குப் பூப்ரெனார்ஃபின் இருந்தால் அது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து இப்போது வேண்டாம், நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைத் தாக்கும்.

காலையில் போகப்போகும் ஆஸ்பத்திரிக்கு அன்று இரவே போன் போகட்டும். சொல்ல வேண்டியது சுருக்கமாக: “டாக்டர், பெண் பூனை, 3 கிலோ, கருத்தடை பண்ணலை. ஸ்கேன்ல பயோமெட்ரா. காய்ச்சல் 103.8, ரெண்டு நாளா சாப்பிடலை. இங்க டிரிப்ஸ் போட்டிருக்கோம். காலைல எத்தனை மணிக்கு ஆபரேஷன் எடுக்க முடியும்?” கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பகல் ஓபி நேரத்தில் போனால் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, அறுவை எல்லாம் ஒரே வளாகத்தில் முடியும், கட்டணமும் தனியாரைவிடக் குறைவு. ஆனால் சீட்டு எடுத்து வரிசையில் காத்திருக்க நேரமாகும், அவசரம் என்று முன்பே சொல்லியிருந்தால் மட்டுமே முன்னால் எடுப்பார்கள். கோயம்புத்தூர்த் தனியார் கிளினிக்கில் வரிசை இல்லை, செலவு பலமடங்கு. எதுவானாலும் உள்ளூர் டாக்டர் கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நேரம் எழுதிய சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அதே மருந்து இரண்டாம் முறையும் ஏறும்.

இப்போது அதே பூனையின் நிலையை மாற்றிப் பார்ப்போம். கறையே இல்லை, வயிறு பந்துபோல் இறுகியிருக்கிறது, வெப்பம் 99, நாடி 130, ஈறு வெளிர். விடியும்வரை பொறுக்க முடியாது. மயக்க வசதி உள்ள இடம் இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் இருந்தால் நரம்பூசியும் டிரிப்ஸும் ஓடியபடியே இரவிலேயே கிளம்ப வேண்டும். அங்கே இரண்டு மூன்று மணி நேரம் சூடேற்றித் தேற்றிவிட்டு மேசைக்கு ஏற்றுவார்கள். கூடையில் வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கவாட்டில் வையுங்கள், உடம்பில் நேரே படக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே அடிக்கும் மார்கழி இரவில் கூடையை மூடியே வையுங்கள். சித்திரை வெயிலில் என்றால் இதற்கு நேர்மாறு, மூடிய காரில் ஐந்து நிமிடம்கூட நிறுத்தாதீர்கள். போகும் வழியில் பால் புகட்ட வேண்டாம். துவண்ட பூனைக்கு அது நுரையீரலுக்குத்தான் போகும்.

அத்தனை தூரம் போக வாகனமே இல்லை, உள்ளூர் டாக்டருக்கு வயிறு திறந்த அனுபவம் உண்டு என்றால்? வசதிக் குறைவான ஆபரேஷனா, ஆபரேஷனே இல்லாமையா என்ற கேள்வி அது. அந்த இரவுக்கு உள்ளூர் ஆபரேஷன்தான் சரி.

வீட்டுக்கு வந்த பிறகு

வெளியே எடுத்த கருப்பையைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு கொம்பு நுனியிலும் சிறிய மொச்சை அளவில் சினைப்பை ஒன்றொன்று இருக்க வேண்டும். பெரும்பாலான டாக்டர்கள் கேட்காமலே காட்டுவார்கள்.

முதல் 24 மணி நேரத்தில் வயிறு உப்பி ஈறு வெளுத்தால் உள்ளே முடிச்சு நழுவி இரத்தம் கசிகிறது என்று பொருள், உடனே திரும்ப வேண்டும். மறுநாளுக்குள் கொஞ்சமாவது சாப்பிட்டாக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி கிடந்த நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள். பூனை மூன்று நான்கு நாள் சாப்பிடாவிட்டால் கொழுப்பு ஈரலில் படிந்து தனி நோயாகிவிடும், காது மடலும் ஈறும் மஞ்சளிக்கும். சுடவைத்து ஆறவிட்ட மத்தி மீன், உப்பில்லாத கோழிச்சாறு என்று வாசனை தூக்கலானதைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பசியைத் தூண்டும் மருந்தோ மூக்கு வழிக் குழாயோ டாக்டர் சொல்வார். சிறுநீர் போகிறதா என்பதையும் மணல் தட்டில் பாருங்கள்.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதுவரை கழுத்துக் காலர் கழற்றக் கூடாது. ஒரே இரவில் நக்கித் தையலைப் பிரித்துவிடும் திறமை பூனைக்கு உண்டு.

சில மாதம் கழித்து அதே பூனை மறுபடி உருண்டு கத்தி, வாலை ஒதுக்கி நின்றால், சினைப்பைத் துண்டு ஏதோ உள்ளே தங்கியிருக்கிறது. கருப்பையின் அடித்தண்டு மிச்சமிருந்தால் அந்த ஹார்மோனால் அதிலும் சீழ் வைக்கலாம். ‘அதுதான் எடுத்தாச்சே’ என்று விடாமல், ஹீட் அறிகுறி தெரியும் அந்த நாட்களிலேயே ஸ்கேனுக்குக் கொண்டுபோங்கள். தங்கிய துண்டு பெருத்திருப்பதும் கண்ணுக்கு அகப்படுவதும் அப்போதுதான்.